சேனல் பணமும் வீட்டுப் பணமும்

கேள்வி: யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறேன். விளம்பர வருமானம் மாதம் 95,000, ஸ்பான்சரிடமிருந்து 67,500 என்று என் சேமிப்புக் கணக்கில் வருகிறது. ஆண்டுக்கு 19.5 லட்சம்தானே? 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: வரம்பு சரி, கணக்குதான் தப்பு. ஸ்பான்சர் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்த பிறகுதான் 67,500 வருகிறது. நீங்கள் போட்ட பில் 75,000. ஜிஎஸ்டி பார்ப்பது பில் தொகையை, பாஸ்புக்கை அல்ல. மாதம் 1,70,000 என்றால் ஆண்டுக்கு 20.4 லட்சம். மார்ச்சில் வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் விளம்பரப் பணமும் இந்தக் கூட்டலில் உண்டு. அதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பங்கில் அங்கேயே வரி பிடித்திருந்தால் அதையும் சேருங்கள்.

தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும். ஆனால் ஜனவரியிலேயே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். காரணம், ஒப்பந்தம். 'எல்லாம் சேர்த்து 75,000' என்று எழுதிக் கொடுத்திருந்தால், பதிந்த பிறகு 18 சதவீத வரி உங்கள் கையிலிருந்துதான் போகும்: உங்களுக்கு 63,559, அரசுக்கு 11,441. 'ஜிஎஸ்டி தனி' என்று இப்போதே எழுதுங்கள். ஸ்பான்சரும் பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால் பெரும்பாலும் அந்த வரியை வரவு எடுத்துக்கொள்ளும், தயங்காமல் கேளுங்கள். விளம்பரப் பணம் ஏற்றுமதி ஆகையால், எல்யூடி என்ற உறுதிப் படிவத்தை ஒவ்வொரு நிதியாண்டும் தாக்கல் செய்தால் அதற்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டாம்.

சேனலுக்காகப் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தொடங்குவது இப்போது தேவையில்லை. ஆண்டுதோறும் தணிக்கைச் செலவுதான் மிச்சம்.

சேனல் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரிக்க ஜிஎஸ்டி பதிவு வரை காத்திருக்காதீர்கள். ஆதார், பான் இரண்டை வைத்து, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை இலவசமாக எடுங்கள். கரண்ட் கணக்கு தொடங்க வங்கிகள் கேட்கும் ஆவணங்களில் அது ஒன்று. விளம்பரப் பணம் அனுப்பும் ஆட்சென்ஸில் பெறுபவர் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பணம் திரும்பிப் போகலாம்.

வருமானம் முழுவதும் அந்தக் கணக்குக்கே வரட்டும். விளம்பரப் பணம் மாதம் 21 முதல் 26 தேதிக்குள் அனுப்பப்படுவதால், 1-ஆம் தேதி வீட்டுக்கு ஒரே தொகையை மாற்றுங்கள். அது நீங்கள் எடுத்துக்கொண்ட பணம். செலவாகக் காட்டக் கூடாது. அட்வான்ஸ் டாக்ஸுக்கு ஒரு பங்கைத் தனியே ஒதுக்குங்கள். முதல் தவணை ஜூன் 15.

கலப்படம் நடப்பது பெரும்பாலும் ஜிபேயில்தான். ரிச்சி தெருவில் 3,850 ரூபாய்க்கு மைக் வாங்கி சொந்தக் கணக்கில் கட்டிவிட்டால், சேனல் கணக்கிலிருந்து ரவுண்டாக 4,000 அனுப்பாதீர்கள். பில்லில் உள்ள 3,850-ஐ அப்படியே அனுப்பி, குறிப்பில் பில் எண்ணைப் போடுங்கள். கூடுதலாக அனுப்பும் 150 எதற்கு என்று மார்ச் மாதத்தில் யாருக்கும் நினைவிருக்காது.