பின்தேதியிட்ட சம்பள உயர்வு: நிலுவையைக் கணக்கிடுவதும் அதன் மேலான வரியும்

கல்முனையிலிருந்து ஒரு வங்கி உத்தியோகத்தர்: எங்கள் சம்பளத் திருத்தம் 2024 ஜூலை 1 முதல் செல்லுபடியாகும் என்று தீர்மானித்து, 2025 நவம்பர் சம்பளத்தோடு நிலுவையைத் தந்தார்கள். அடிப்படைச் சம்பளம் 110,000 ரூபாயிலிருந்து 132,000 ஆகியிருக்கிறது. எனக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதை நானே எப்படிக் கணக்கிடுவது?

இன்றைய வித்தியாசத்தை மாதங்களால் பெருக்கிவிடத்தான் எல்லோருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் கணக்கு பிழைக்கும். இடையில் வருடாந்தச் சம்பள ஏற்றம் வந்திருக்கும். பழைய அளவுத்திட்டத்தில் அதன் தொகை வேறு, புதியதில் வேறு. ஆகவே ஒரு தாளில் மாதத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் பழைய அடிப்படை, புதிய அடிப்படை, அடிப்படையின் வீதமாகக் கணக்கிடப்படும் படிகள், கடைசியில் வித்தியாசம் என்று நான்கு நிரல்கள் போதும். தொகை மாறாத நிலையான படியை இதில் சேர்க்கத் தேவையில்லை, அதன் வித்தியாசம் பூச்சியம்.

நீங்கள் அனுப்பிய விபரங்களின்படி ஏற்றம் ஜனவரி 1இல் வருகிறது: பழையதில் 3,000, புதியதில் 4,000. அடிப்படையின் 10 வீதம் ஒரு படியாகவும், 25,000 ரூபாய் நிலையான படியாகவும் கிடைக்கின்றன. 2024 ஜூலை முதல் டிசம்பர் வரை அடிப்படை வித்தியாசம் 22,000. 10 வீதப் படியையும் சேர்த்தால் மாதம் 24,200. ஜனவரியிலிருந்து பழையது 113,000, புதியது 136,000. வித்தியாசம் படியோடு 25,300. முதல் ஆறு மாதங்களுக்கு 145,200, அடுத்த பத்து மாதங்களுக்கு 253,000. மொத்தம் 398,200 ரூபாய். முதல் மாத வித்தியாசத்தையே 16 மாதத்துக்கும் பெருக்கியிருந்தால் 387,200 மட்டுமே வந்து, உங்களுக்கு 11,000 ரூபாய் குறைந்திருக்கும். அலுவலகங்களில் அதிகம் நடப்பதும் இந்தப் பிழைதான்.

மேலதிக நேரக் கொடுப்பனவு அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதானால், அந்த மாதங்களின் மணித்தியாலங்களுக்கும் புதிய வீதத்தில் வித்தியாசம் சேர வேண்டும். மறுபக்கம், சம்பளமற்ற லீவு எடுத்த நாட்களுக்கு நிலுவையும் கிடையாது. இந்த இரண்டும் சம்பளச் சீட்டிலேயே இருக்கும். அதனால் 16 மாதச் சீட்டுகளையும் முன்னால் வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபாருங்கள்.

அதே உத்தியோகத்தர்: நவம்பர் சம்பளத்தில் வரியாக மட்டும் 112,208 ரூபாய் வெட்டியிருக்கிறார்கள். இது சரியா?

சரியில்லை. எங்கே பிழைத்தது என்பது அந்தத் தொகையிலேயே தெரிகிறது. உங்கள் நவம்பர் சம்பளம் 174,600. அதோடு நிலுவை 398,200ஐக் கூட்டி, 572,800 ரூபாயையும் ஒரு மாதத்தின் வழமையான சம்பளமாக எடுத்திருக்கிறார்கள். மாதாந்த அட்டவணை, நீங்கள் ஒவ்வொரு மாதமும் இதே தொகையை வாங்குபவர் என்று எண்ணிக்கொண்டு வரியைப் போடும். 150,000 ரூபாய் விலக்குப் போக மீதி 422,800. அதில் முதல் 83,333 ரூபாய் 6 வீதத்திலும், அடுத்த மூன்று வரிப் படிகள் ஒவ்வொன்றும் 41,667 ரூபாயாக 18, 24, 30 வீதங்களிலும் போய், மிஞ்சிய 214,467 ரூபாய் 36 வீதத்தில் விழுந்துவிட்டது.

நிலுவையை ஒருமுறை கிடைக்கும் மொத்தத் தொகையாகத்தான் நடத்த வேண்டும். ஊழியரின் ஆண்டு வருமானத்தை வழமையான சம்பளத்தை வைத்து மதிப்பிட்டு, அதற்குரிய வரியைக் காண வேண்டும். பிறகு நிலுவையையும் கூட்டி மீண்டும் வரி காண வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நிலுவையின் மீதான வரி. உங்கள் விடயத்தில் நிலுவை முழுவதும் 6 வீத வரிப் படிக்குள்ளேயே அடங்குகிறது: 23,892 ரூபாய். நவம்பர் மாதச் சம்பளத்துக்கான வரி 1,476. இரண்டும் சேர்ந்து 25,368 மட்டுமே. ஆக 86,840 ரூபாய் அதிகமாக வெட்டப்பட்டிருக்கிறது.

உடனே கணக்குப் பிரிவுக்கு எழுத்தில் அறிவியுங்கள். வரி ஆண்டு மார்ச் 31 வரை இருப்பதால், அதற்குள் என்றால் அவர்களே அடுத்த மாதங்களின் வரியில் சரிசெய்யலாம். ஆனால் உங்கள் மாத வரி இரண்டாயிரம் ரூபாயைக்கூட எட்டாது. அதில் கழித்து 86,840ஐ மீட்க முடியாது. அதனால் மீதியை ஆண்டு வருமான வரி அறிக்கை மூலம்தான் கேட்க வேண்டிவரும். ஆண்டு முடிந்ததும் தொழில்தருநரிடம் டி.10 சான்றிதழை வாங்கி, வெட்டிய வரி முழுவதும் அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். டின் இலக்கம் இல்லையென்றால் இப்போதே எடுங்கள். 2025/26 ஆண்டுக்கான அறிக்கையை 2026 நவம்பர் 30க்குள் சமர்ப்பித்து, அதிலேயே மீளளிப்பைக் கோருங்கள். சம்பளச் சீட்டையும் நிலுவைக் கணக்குத் தாளையும் பத்திரமாக வைத்திருங்கள். கேள்வி எழுந்தால் அவைதான் உங்கள் ஆதாரம்.

அக்கரைப்பற்றிலிருந்து: நிலுவையில் ஒரு பகுதி 2024/25 வரி ஆண்டுக்குரியது. அதை அந்த ஆண்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்து வரி கட்ட முடியாதா? தமிழ்நாட்டு வீடியோ ஒன்றில் படிவம் 10இ நிரப்பினால் சலுகை கிடைக்கும் என்கிறார்கள்.

அந்தப் படிவம் இந்திய வருமான வரிச் சட்டத்தின் 89ஆம் பிரிவுச் சலுகைக்கு உரியது. அங்கே நிலுவையை அந்தந்த ஆண்டில் வைத்துப் பார்த்து, கூடுதலாக விழும் வரியைக் கழித்துத் தருவார்கள். எங்கள் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. தனிநபரின் தொழில் வருமானம் காசு அடிப்படையில்தான் கணிக்கப்படும். பணம் கையில் கிடைத்த ஆண்டே அதன் வரி ஆண்டு. பழைய ஆண்டின் அறிக்கையைத் திருத்தி நிலுவையை அங்கே நகர்த்த வேண்டாம்.

இதனால் எல்லோருக்கும் நட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 2024/25இல் ஆண்டு விலக்கு 1,200,000 ரூபாய்தான். அதற்கு மேல் ஒவ்வொரு 500,000க்கும் வீதம் 6, 12, 18 என்று ஏறியது. 2025 ஏப்ரல் முதல் விலக்கு 1,800,000 ஆகி, அதற்கு மேல் முதல் பத்து இலட்சத்துக்கும் 6 வீதம்தான். மேலே சொன்ன கல்முனை உத்தியோகத்தரின் நிலுவையில் 2024/25க்குரிய பங்கு 221,100 ரூபாய். அது அந்த ஆண்டிலேயே கிடைத்திருந்தால் 12 வீதப் படியில் விழுந்து 26,532 ரூபாய் வரி போயிருக்கும். தாமதமாக வந்ததால் 13,266தான், சரிபாதி.

உயர்ந்த சம்பளக்காரருக்கு இது மாறும். ஒரு வைத்தியரின் 2025/26 வருமானம் 3,200,000 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் முந்திய ஆண்டுக்குரிய 300,000 நிலுவை வருகிறது. அதில் முதல் 100,000 ரூபாய் 18 வீதத்திலும், மீதி 200,000 ரூபாய் 24 வீதத்திலும் விழும்: 66,000. முந்திய ஆண்டு அவருடைய வருமானம் 2,300,000ஆக இருந்து, நிலுவையும் அப்போதே கிடைத்திருந்தால், அது முழுவதும் 18 வீதப் படிக்குள் நின்று 54,000 ஆகியிருக்கும். ஒரே ஆண்டில் சேர்ந்து வந்ததால் அவருக்கு விழுந்த மேலதிகச் சுமை 12,000 ரூபாய்.

ஏறாவூரிலிருந்து ஓர் ஆசிரியை: என் தர உயர்வு நான்கு வருடம் பின்தேதியிட்டுக் கிடைத்திருக்கிறது. மாதம் 10,000 வீதம் 480,000 ரூபாய் நிலுவை. அந்த நாட்களில் என் சம்பளம், இந்தப் பத்தாயிரத்தைச் சேர்த்தாலும், மாதம் ஒரு இலட்சத்தைத் தாண்டவில்லை. இப்போது 2025/26இல் ஆண்டுச் சம்பளம் 15 இலட்சம். வரி உண்டா?

உண்டு, தங்கச்சி. உண்மையில் பாதிக்கப்படுவது உங்களைப் போன்றவர்கள்தான். நிலுவையும் சம்பளமும் சேர்ந்து 1,980,000 ரூபாய்; விலக்குக்கு மேலே 180,000; அதன் 6 வீதம் 10,800. மாதாமாதம் உரிய நேரத்தில் தந்திருந்தால் அந்த நான்கு ஆண்டுகளிலும் நீங்கள் வரி எல்லைக்குக் கீழேதான் இருந்திருப்பீர்கள், ஒரு சதமும் போயிருக்காது.

பணம் இன்னும் கைக்கு வரவில்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. நிதி ஒதுக்கீடு போதாமல் நிலுவையை இரண்டு தவணையாகத் தருவது வழமையாக நடப்பதுதான். ஒரு பாதி மார்ச் 31க்கு முன்பும் மறுபாதி ஏப்ரலிலும் வந்தால், இந்த ஆண்டுக் கணக்கு 1,740,000 ரூபாயோடு நின்று வரியே வராது. அடுத்த ஆண்டும் விலக்கு இதே அளவில் இருந்து, சம்பளமும் 15 இலட்சத்துக்கு அண்மையில் நின்றால், அங்கேயும் வராது. வலயக் கல்வி அலுவலகக் கணக்காளரிடம் எந்த மாதத்தில் எவ்வளவு வரப்போகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் கணக்கில் போடப்பட்ட பணத்தை எடுக்காமல் விட்டால் தப்பலாம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் கணக்குக்கு வந்த நாளே அது கிடைத்த நாள்.

வாழைச்சேனையிலிருந்து: நிலுவையிலும் ஊழியர் சேமலாப நிதிக்கு வெட்டுவார்களா? வெட்டியபின் மிஞ்சுவதற்குத்தானே வரி?

வெட்டத்தான் வேண்டும், அது உங்கள் உரிமையும்கூட. 398,200 ரூபாய் நிலுவையென்றால் உங்கள் 8 வீதம் 31,856. தொழில்தருநர் தன் பங்காக 12 வீதம், அதாவது 47,784 ரூபாய், சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 11,946, அதுவும் அவர் கையிலிருந்தே. சில நிறுவனங்கள் நிலுவையை ‘விசேட கொடுப்பனவு’ என்று சீட்டில் எழுதி இந்தப் பங்குகளை விட்டுவிடுகின்றன. சீட்டில் அது எந்தப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பின்பு நிதியத்திலிருந்து வரும் கூற்றில் அந்த மாதப் பங்களிப்பு வழமையைவிடப் பெரிதாக இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் கட்டப்படவில்லை.

வரி விடயத்தில் நீங்கள் நினைப்பது சரியல்ல. 8 வீதத்தைக் கழிப்பதற்கு முன்னான முழுத் தொகைக்கே வரி. அதனால் கைக்கு வரும் நிலுவை 398,200 − 31,856 − 23,892 = 342,452 ரூபாய். கடன் அடைக்கவோ வீட்டு வேலைக்கோ இந்தப் பணத்தை நம்பித் திட்டம் போடுபவர்கள் இந்தக் கடைசித் தொகையை வைத்தே போடுங்கள்.