முகத்தை மாற்றும் முன் புள்ளிகளைப் பொருத்துவது: சில கேள்விகள், பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றியவை. ஒட்டிய முகம் சற்றே மேலேறி நிற்கிறது, அல்லது சாய்கிறது, அல்லது வீடியோவில் நடுங்குகிறது. நிறம் கலப்பதிலோ விளிம்பை மழுப்புவதிலோ கோளாறு என்று நினைத்துப் பலர் அங்கே போராடுகிறார்கள். பெரும்பாலும் அதற்கு முந்தைய படியிலேயே கோளாறு நடந்திருக்கும். கீழே சோர்ஸ் என்றால் முகத்தை எடுக்கும் படம், டார்கெட் என்றால் அதை வைக்கப்போகும் படம்.

கேள்வி: முகத்தைச் சுற்றி ஒரு பெட்டி கிடைத்துவிடுகிறதே, அதன் அளவுக்கு முகத்தைச் சுருக்கியோ பெருக்கியோ ஒட்டினால் போதாதா? 68 புள்ளிகள் எதற்கு?

பெட்டிக்குத் தலைச்சாய்வு தெரியாது. அதோடு, பெட்டியின் விளிம்பு முகத்தில் எந்த இடத்தையும் குறிப்பதில்லை. தாடி வளர்ந்திருந்தால் கொஞ்சம் இறங்கும், நெற்றியில் முடி விழுந்தால் கொஞ்சம் மாறும். லேண்ட்மார்க், அதாவது முகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் காட்டும் புள்ளி, அப்படியல்ல. `dlib` என்ற நிரல் நூலகம் தரும் 68 புள்ளிகளில் 36 என்ற எண் எந்தப் படத்திலும் ஒரே கண்ணின் வெளி ஓரத்தைத்தான் குறிக்கும். சோர்ஸின் 36-ஆம் புள்ளி டார்கெட்டின் 36-ஆம் புள்ளிக்குப் போக வேண்டும், 45-ஆம் புள்ளி 45-க்குப் போக வேண்டும் என்று ஜோடி ஜோடியாகச் சொல்ல முடிகிறது. இந்த ஜோடிகளிலிருந்து நான்கு எண்களைக் கண்டுபிடிக்கிறோம்: எவ்வளவு பெரிதாக்க வேண்டும், எவ்வளவு சுழற்ற வேண்டும், கிடைமட்டமாக எவ்வளவு நகர்த்த வேண்டும், செங்குத்தாக எவ்வளவு. இதில் முகத்தின் வடிவம் மாறாது, அளவும் இருப்பும் மட்டுமே மாறும்.

கேள்வி: இரண்டு கண்களை மட்டும் வைத்துப் பொருத்துகிறேன். கண்கள் கச்சிதமாக உட்காருகின்றன, ஆனால் வாய் மட்டும் மேலே ஏறிவிடுகிறது. ஏன்?

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். சோர்ஸில் கண்களின் மையங்கள் (210, 240), (290, 240). தலை நேராக இருக்கிறது, கண்களுக்கு இடையே 80 பிக்சல். டார்கெட்டில் அவை (400, 300), (496, 328). கிடைமட்டமாக 96, செங்குத்தாக 28, ஆகத் தூரம் 100 பிக்சல். எனவே பெரிதாக்கும் அளவு 100/80 = 1.25. சுழற்சி, 28/96-க்கு உரிய கோணம், சுமார் 16.3 டிகிரி. இரண்டையும் சேர்த்து எழுதினால்:

```
x' = 1.2 x - 0.35 y + 232
y' = 0.35 x + 1.2 y - 61.5
```

இரண்டு கண்களையும் இதில் போட்டுப் பாருங்கள், டார்கெட்டின் எண்கள் அப்படியே வரும். இப்போது சோர்ஸின் வாய் மையம் (250, 330) என்று வைத்துக்கொள்வோம். அது (416.5, 422)-க்குப் போகிறது. டார்கெட்டின் வாய் உண்மையில் இருப்பதோ (414, 431)-இல். ஒன்பது பிக்சல் மேலே நின்றுவிட்டது. உங்களுக்கு நடப்பதும் இதுதான்.

இரண்டு ஜோடிகள் நான்கு சமன்பாடுகளைத் தரும். தெரிய வேண்டிய எண்களும் நான்குதான். அதனால் கண்களில் பிழை எப்போதும் பூஜ்யம். பொருத்தம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பூஜ்யம்தான்! கண்கள் கச்சிதமாக உட்காருவதை வைத்து நீங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது. கணக்கில் சேராத ஒரு புள்ளியைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மேலே அந்த வேலையை வாய் செய்தது.

கேள்வி: சரி, அந்த ஒன்பது பிக்சல் எங்கிருந்து வருகிறது? முகம் நீளமா, தலை திரும்பியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டுமே ஒரே மாதிரிதான் தோன்றும். தலை பக்கவாட்டில் திரும்பும்போது கண்களுக்கு இடையேயான தூரம் படத்தில் சுருங்கும், கண்ணுக்கும் வாய்க்கும் இடையேயான தூரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கண்களை மட்டும் நம்புபவர் அந்தச் சுருங்கிய தூரத்துக்கு ஏற்ப முழு முகத்தையும் சிறிதாக்கிவிடுவார். 30 டிகிரி திரும்பினால் தூரம் சுமார் 0.87 பங்காகிவிடும், அதாவது முகம் 13 சதவீதம் சிறுத்து உட்காரும்.

மேலே உள்ள கணக்கையே எடுங்கள். சோர்ஸில் கண்களின் நடுவிலிருந்து வாய்க்கு 90 பிக்சல், டார்கெட்டில் சுமார் 122. இதை வைத்துப் பார்த்தால் பெருக்கம் 1.35 வருகிறது, கண்கள் சொன்னது 1.25. இந்த வித்தியாசம் முழுவதும் தலை திரும்பியதால் வந்ததென்றால், அது சுமார் 22 டிகிரி திரும்பியிருக்க வேண்டும்.

இதைத் தீர்த்துவைப்பது மூக்கு நுனி. முகத்தில் மற்ற எல்லாவற்றையும் விட முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது அதுதான், எனவே தலை கொஞ்சம் திரும்பினாலே அது பக்கவாட்டில் நன்றாக விலகும். பொருத்திய சோர்ஸின் மூக்கு நுனியையும் டார்கெட்டின் மூக்கு நுனியையும் ஒப்பிடுங்கள். விலகல் கண்களை இணைக்கும் கோட்டுக்கு இணையாக இருந்தால் தலை திரும்பியிருக்கிறது. கோட்டுக்குச் செங்குத்தாக மட்டும் இருந்தால் பெரும்பாலும் முகவாகுதான் வேறு. நம் கணக்கில் வாய் முகத்தின் நடு அச்சிலேயே கீழே இறங்கியிருக்கிறது, பக்கவாட்டில் விலகவில்லை. அதனால் நீளமான முகம் என்றுதான் நான் முதலில் சந்தேகிப்பேன், பிறகு மூக்கைப் பார்த்து உறுதி செய்வேன்.

முகவாகு வேறு என்றால் கூடுதல் புள்ளிகளைச் சேர்த்துப் பிழையைப் பகிர்ந்துவிடலாம். தலை திரும்பியிருந்தால் அப்படிச் சமாளிக்க முடியாது. தட்டையான படத்தை எவ்வளவு சுழற்றினாலும் நகர்த்தினாலும், மறைந்த கன்னம் தெரியாது, தெரியும் கன்னம் மறையாது. படத்தை நேரடியாக ஒட்டுபவர்களுக்கு அதே கோணத்தில் எடுத்த வேறு சோர்ஸ் படத்தைத் தேடுவதே நேர்வழி.

கேள்வி: அப்படியானால் 68 புள்ளிகளையும் கணக்கில் சேர்த்துவிடலாமா?

வேண்டாம். 0 முதல் 16 வரையுள்ள தாடை வரிசையை விட்டுவிடுங்கள். கண் ஓரம் போலத் தாடை வரிசை தோலில் ஓரிடத்தில் ஒட்டியிருப்பதில்லை. முகத்தின் கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத்தான் அது பின்தொடர்கிறது, தலை திரும்பினால் அந்தப் புள்ளிகள் கன்னத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். வாய் திறந்தால் தாடையே இறங்கும். தாடை வரிசையை எங்கே ஒட்ட வேண்டும், எதுவரை ஒட்ட வேண்டும் என்று முகமூடி வரைய வைத்துக்கொள்ளுங்கள், பொருத்தத்துக்கு வேண்டாம்.

மீதி 51 புள்ளிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி அந்தக் கூட்டுத்தொகையைக் குறைக்கும் கணக்கு ஒருவகைத் தேர்தல்தான், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஓட்டு. வாய்க்கு 20 ஓட்டு இருக்கிறது, இரண்டு கண்களுக்கும் சேர்த்து 12. டார்கெட்டில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தால் கீழுதட்டுப் புள்ளிகள் கூட்டமாக இறங்கி, முழு முகத்தையும் கீழே இழுத்துப் பெரிதாக்கிவிடும். அதனால் கண்கள், மூக்கு நுனி, வாயின் இரு ஓரங்கள் என ஐந்து புள்ளிகளை மட்டும் எடுப்பதே என் வழக்கம். கண் மையத்தை ஆறு புள்ளிகளின் சராசரியாக எடுங்கள், ஒரு புள்ளி பிசகினாலும் பெரிதாகத் தெரியாது.

இன்னொன்று. பலர் `cv2.estimateAffinePartial2D`-ஐ அப்படியே அழைக்கிறார்கள். சொல்லாமல் விட்டால் அது `RANSAC` முறையில் இயங்கும், 3 பிக்சலுக்கு மேல் விலகும் ஜோடிகளைத் தவறான ஜோடி என்று ஒதுக்கிவிடும். இரண்டு வேறு மனிதர்களின் முகங்களில் 3 பிக்சல் விலகல் மிகச் சாதாரணம். சரியான புள்ளிகளையே அது தள்ளிவிடும், அடுத்த ஃப்ரேமில் வேறு சிலவற்றைத் தள்ளும். எல்லாப் புள்ளிகளையும் மதிக்கும் கணக்கே இங்கே பொருத்தம்:

```python
import cv2
from skimage.transform import SimilarityTransform
t = SimilarityTransform()
t.estimate(src, dst)
M = t.params[0:2]
out = cv2.warpAffine(img, M, (w, h))
```

`w`, `h` இரண்டும் டார்கெட் படத்தின் அளவுகள். சோர்ஸின் அளவைக் கொடுத்தால் முகத்தின் பாதி வெட்டுப்படலாம்.

கேள்வி: புள்ளிகளை முக்கோணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக வளைத்தால் எல்லாப் புள்ளியும் சரியாகப் பொருந்துமே. அது மேலானதல்லவா?

பொருந்தும். ஆனால் சோர்ஸ் முகம் தன் வடிவத்தை முழுவதும் இழந்து டார்கெட்டின் வடிவத்துக்கு மாறிவிடும். கண்களின் இடைவெளியும் மூக்கின் நீளமும் வாயின் அகலமும் டார்கெட்டுடையவை, தோல் மட்டும் சோர்ஸுடையது. பார்ப்பவர்களுக்கு யார் என்றே அடையாளம் தெரியாது. வாய் மூடிய சோர்ஸை, வாய் திறந்த டார்கெட்டுக்கு இப்படி வளைத்தால் உதட்டுத் தோல் இழுபட்டுப் பல் இருக்க வேண்டிய இடத்தை மூடுவதும் நடக்கும். முதலில் நான்கு எண் பொருத்தம், அப்புறம் தேவைப்பட்டால் முக்கோண வளைவைப் பாதி அளவுக்கு என்பது நல்ல சமரசம்.

கேள்வி: நியூரல் நெட்வொர்க் வைத்து மாற்றும் கருவிகளிலும் இதெல்லாம் தேவையா?

தேவைதான். அங்கே முகம் ஒரு நிலையான சட்டத்துக்குள் பொருத்தப்பட்டு உள்ளே போகிறது. பரவலாகப் புழங்கும் 112×112 சட்டத்தில் கண்கள் ஏறக்குறைய (38, 52), (74, 52)-இல் விழ வேண்டும். வெளியே வரும் முகத்தை, அப்படிப் பொருத்திய மேட்ரிக்ஸின், அதாவது மேலே இரண்டு சமன்பாடுகளில் கண்டது போன்ற ஆறு எண்களின், தலைகீழ் வடிவத்தால் டார்கெட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். சட்டத்தில் 3 பிக்சல் பிசகினால், படத்தில் அந்தப் பகுதி 448 பிக்சல் அகலமாக இருக்கும்போது அது 12 பிக்சலாகத் திரும்பி வரும்.

கேள்வி: வீடியோவில் முகம் நடுங்குகிறது. மேட்ரிக்ஸின் ஆறு எண்களையும் முந்தைய ஃப்ரேம்களோடு சராசரி எடுத்தேன், இப்போது முகம் வழுக்குகிறது.

மேட்ரிக்ஸின் கடைசி நெடுவரிசையில் உள்ள இரண்டு எண்களும் சோர்ஸ் படத்தின் இடது மேல் மூலை எங்கே போகிறது என்று சொல்பவை, முகம் எங்கே போகிறது என்றல்ல. மேலே போட்ட கணக்கில் கண்களின் நடுப்புள்ளி அந்த மூலையிலிருந்து டார்கெட் அளவில் 433 பிக்சல் தள்ளி இருக்கிறது. கோணம் ஒரு டிகிரி ஆடினால் மூலைக்கும் முகத்துக்கும் இடையே 7, 8 பிக்சல் வித்தியாசம் வந்துவிடும், அந்த ஆட்டத்தை அந்த இரண்டு எண்களும் சுமக்கும். அவற்றைச் சராசரி எடுத்தால் கோணமும் நகர்வும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் போகும்.

அதற்குப் பதிலாக மூன்றைத் தனித்தனியாக எடுங்கள்: பெருக்கம், கோணம், முகத்தின் மையம். பெருக்கம் மெதுவாகத்தான் மாறும், அதை நன்றாகவே சராசரி எடுக்கலாம். கோணத்தை மிதமாக. மையத்தை மட்டும் லேசாகத் தொட்டால் போதும், அதிகம் தொட்டால் தலை வேகமாக அசையும்போது முகம் பின்தங்கி வரும். பிறகு மூன்றிலிருந்தும் மேட்ரிக்ஸைப் புதிதாகக் கட்டுங்கள்.

கேள்வி: செல்ஃபி படத்தைச் சோர்ஸாக வைத்தால் மச்சம் எதிர்ப்பக்கம் வருகிறது.

படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் சேமிக்கப்பட்டிருக்கிறது. லேண்ட்மார்க் இதைக் கண்டுபிடிக்காது, திரும்பிய முகத்திலும் 36 முதல் 45 வரை வழக்கமான இடத்திலேயே விழும், பிழையும் குறைவாகவே காட்டும். படத்தை முதலில் திருப்பிவிட்டுப் புள்ளிகளை மறுபடி எடுங்கள். பழைய புள்ளிகளின் x மதிப்பைப் படத்தின் அகலத்திலிருந்து கழித்து மட்டும் மாற்றாதீர்கள், அப்படிச் செய்தால் இடது கண்ணின் எண் வலது கண்ணில் போய் நின்றுவிடும்.