போனை எடுத்ததும் என்ன பேசுவது? மனநல உதவி எண் தன்னார்வலர் கேள்வி பதில்

புதிதாகச் சேர்ந்தவர், ஈரோடு: "சொல்லுங்க, என்ன பிரச்சினை?"ன்னு ஆரம்பிக்கலாங்களா?

"சொல்லுங்க" போதும். மனசுக்குள் கிடப்பது பிரச்சினையா, வெறும் களைப்பா என்பதே பலருக்குத் தெளிவாக இருக்காது. அதற்குப் பெயர் வைக்கச் சொன்னால் "பெருசா ஒண்ணுமில்லீங்க" என்று வைத்துவிடுவார்கள். முதலில் உதவி எண்ணின் பெயரைச் சொல்லுங்கள், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தெரியட்டும். ஒரு மூச்சு விட்டு, "கேட்டுட்டு இருக்கேனுங்க. எது முதல்ல தோணுதோ அதைப் பேசலாம்" என்று சொல்லி நிறுத்துங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: நம்ம பக்கம் "எந்த ஊருங்க?"ன்னு கேக்கறதுதானே மரியாதை?

கல்யாண வீட்டில் மரியாதைதான். போனில் அதுவே பயம். ஊரைச் சொன்னால் அடுத்து யார் வீடு, எந்தக் கூட்டம் என்று நாலு கேள்வியில் சொந்தம் வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். "பேரு, ஊரு எதுவும் வேண்டாமுங்க" என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள். அவராக ஊரைச் சொன்னாலும் "அங்க எங்க பெரியம்மா வீடு இருக்குதே" என்று வாய் தவறிவிடக் கூடாது.

பவானி தன்னார்வலர்: பத்து நொடி பேச்சில்லைன்னா விளையாட்டுக்குக் கூப்பிடறாங்கன்னு போனை வச்சிடலாம், சரிதானே?

விளையாட்டு அழைப்பும் வரும், உண்மைதான். ஆனால் பத்து நொடியில் பிரித்தறிய முடியாது. பின்னால் தறிச் சத்தம், ஒரு மூச்சு, பேச்சில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஹலோ, கேக்குதுங்களா?" என்று குரலை உயர்த்தினால் அதட்டுவது போல இருக்கும். சற்றுப் பொறுத்து, "இங்கதான் இருக்கேன், அவசரமில்லீங்க" என்று தணிந்த குரலில் சொல்லுங்கள். அரை நிமிடம் கழித்து, "பக்கத்துல யாராச்சும் இருந்தா 'ம்'னா போதும்." "ம்" வந்தால் அதன்பின் ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்விகள் மட்டும். "தனியா இருக்கறப்ப மறுபடி கூப்பிடறீங்களா?" என்பதும் அதில் ஒன்று. எதுவுமே வராமல் வைக்க நேர்ந்தால், வைக்கப்போவதையும் எப்போதும் திரும்பக் கூப்பிடலாம் என்பதையும் சொல்லிவிட்டு வையுங்கள்.

கோவை வாசகி: எங்க கொழுந்தனார் ஆறு மாசமா யார்கிட்டயும் பேசறதில்லை. இதையெல்லாம் வீட்டுல சொன்னா பேசுவாருங்களா?

முகம் தெரியாதவரிடம் பேசுவதற்கான சொற்கள் இவை. வீட்டில் செயற்கையாக ஒலிக்கும். கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "தம்பி, சாப்பாட்டுல பாதியிலயே எந்திரிச்சுடறீங்க, எனக்கு மனசே கேக்கல." ஆறு மாதம் என்றால் மருத்துவரும் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை நீங்களே அழைத்தும் யோசனை கேட்கலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணமில்லை.

பெயர் சொல்லாதவர்: "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்"னு சத்தியம் பண்ணலாங்களா?

வேண்டாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் பல உதவி எண்களின் விதிப்படி வேறொருவரை அழைக்க வேண்டியிருக்கும். அப்போது சத்தியம் பொய்யாகிவிடும். இந்த வரம்பைத் தொடக்கத்திலேயே சொல்வதா, பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போது சொல்வதா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை. முதலிலேயே சொன்னால் சிலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பிறகு சொன்னால் ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார்கள். நான் முதலில் சொல்வதன் பக்கம், அதுவும் ஒரே வரியில்.