சாம்பாரில் பூண்டை எடுத்துப் போட்டாலும் வயிறு உப்புவது ஏன்?

"எனக்கு ஐ.பி.எஸ். என்னும் குடல் எரிச்சல் நோய் இருக்கிறது. சாம்பாரில் வெந்த வெங்காயத்தையும் பூண்டையும் ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் வயிறு உப்புகிறது. என்ன செய்வது?"

இவ்விரண்டிலும் உள்ள ஃப்ரக்டான் என்னும் கார்போஹைட்ரேட் நீரில் கரைவதால், துண்டுகளை ஒதுக்கினாலும் அது குழம்பிலேயே தங்கிவிடுகிறது. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து வாயுவாகிறது.

ஆனால் ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. ஆகவே நான்கு பல் பூண்டை நல்லெண்ணெயில் மெல்லிய தீயில் பொன்னிறமாக வதக்கி, தண்ணீர் படுவதற்கு முன்பே ஒரு துணுக்கும் விடாமல் அரித்தெடுத்துவிட்டு, மணம் ஏறிய அந்த எண்ணெயிலேயே கடுகு தாளியுங்கள். இந்த எண்ணெயை அன்றன்றே செய்துகொள்வது நல்லது. வெளியில் வைத்திருந்தால் நச்சுக்கிருமி வளரக்கூடும். வெங்காயத்துக்குப் பதிலாக வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் இறுதியில் தூவலாம்.

துவரம்பருப்பிலும் இதே போன்று நொதிக்கும் பொருள் இருப்பதால், நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, பருப்பின் அளவையும் பாதியாகக் குறையுங்கள். கடைப் பொடியில் பூண்டுத்தூளும், கட்டிப் பெருங்காயத்தில் ஃப்ரக்டான் உள்ள கோதுமை மாவும் இருக்கக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்தக் கட்டுப்பாடு இரண்டு முதல் ஆறு வாரங்களுக்கே உரியது. பிறகு உணவியல் நிபுணரின் துணையோடு, ஒவ்வொன்றாகச் சிறிதளவு சேர்த்துப் பார்க்க வேண்டும்.