மெயிலில் ஜஸ்ட், ஆக்சுவலி, வெரி: எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது

கேள்வி: ஆபீஸ் மெயில்ல ஜஸ்ட், ஆக்சுவலி, பேசிக்கலி, வெரி எல்லாம் நிறைய வருதுன்னு மேனேஜர் சொல்றார். எடுத்துட்டா மரியாதை இல்லாத மாதிரி ஆகிடாதா?

இந்தப் பயம் எனக்கும் இருந்தது. தமிழில் 'கொஞ்சம் அனுப்புங்க' என்கிறோம். அந்தக் 'கொஞ்சம்' அளவைச் சொல்வதில்லை, பணிவுக்காக வருகிறது. அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் கை தானாக 'ஜஸ்ட்' போட்டுவிடுகிறது. ஆனால் அங்கே பணிவைச் சுமக்க 'ப்ளீஸ்', 'குட் யூ' இருக்கின்றன. அவற்றை விட்டுவைத்தால் மரியாதை குறையாது.

நான் வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதியது இது: 'ஐ ஜஸ்ட் வான்டட் டு செக் அபவுட் த டிராயிங். இட் இஸ் ஆக்சுவலி வெரி அர்ஜென்ட்.' இரண்டு நாள் பதில் இல்லை. திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது: அவர் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்பது அதில் எங்குமே இல்லை. 'ஜஸ்ட்' இது சின்ன விஷயம் என்கிறது, 'வெரி அர்ஜென்ட்' பெரிய விஷயம் என்கிறது. படிப்பவர் எதை நம்புவார்?

மாற்றி எழுதினேன்: 'குட் யூ ப்ளீஸ் அப்ரூவ் த டிராயிங் பை 4 பி.எம். வெட்னஸ்டே? கட்டிங் ஸ்டார்ட்ஸ் ஆன் தர்ஸ்டே மார்னிங்.' 'வெரி' போன இடத்தில் நேரமும் காரணமும் வந்துவிட்டன. 'வெரி'யை வெறுமனே அழிப்பதைவிட இதுதான் முக்கியம். 'வெரி லேட்' என்று எழுத வரும்போது எத்தனை நாள் என்று போடுங்கள்.

'ஆக்சுவலி'யில் வேறு சிக்கல். 'த ஃபைல் இஸ் ஆக்சுவலி இன் மை லாஸ்ட் மெயில்' என்றால், 'நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை' என்று குத்துவது போல இருக்கும். எடுத்துவிட்டால் வெறும் தகவலாகிவிடும். பணிவுக்காகப் போட்ட சொல்லே சில நேரம் பணிவைக் கெடுக்கிறது. 'பேசிக்கலி' பெரும்பாலும் விளக்கத்தின் தொடக்கத்தில் வரும், பேச்சு வழக்கு. அதை யோசிக்காமல் எடுத்துவிடலாம்.

எல்லா 'ஜஸ்ட்'டும் வேண்டாதது இல்லை. 'ஐ ஹேவ் ஜஸ்ட் சென்ட் இட்' என்றால் இப்போதுதான் அனுப்பினேன் என்று பொருள். 'ஜஸ்ட் டூ பேஜஸ்' என்றால் இரண்டே பக்கம். சொல்லை மறைத்துவிட்டுப் படியுங்கள், பொருள் மாறினால் இருக்கட்டும். 'ஐ திங்க்' என்பதையும் இதோடு சேர்த்து அழிக்கச் சொல்வார்கள். உங்களுக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அழிக்காதீர்கள், தெரியாததை உறுதியாகச் சொன்னது போல ஆகிவிடும்.

எழுதும்போதே வடிகட்ட முயன்றால் எழுத்து ஓடாது. முடித்த பிறகு தேடுங்கள். பிரவுசரில் ஜிமெயில் என்றால் Ctrl+F போதும். விண்டோஸில் பழைய அவுட்லுக் என்றால் F4 அழுத்துங்கள், அங்கே Ctrl+F மெயிலை ஃபார்வர்ட் செய்யப் போய்விடும்.