மொத்த விலை மசாலாத்தூள்: கேள்வி-பதில்

மிளகாய்த்தூள் வாங்கி 100 கிராம் பாக்கெட் போட்டு அக்கம்பக்கத்தில் விற்கிறேன். ஒரு கம்பெனியின் மொத்த விற்பனைப் பதிவில் "குறைந்தபட்சம் 10 கிலோ. 10–24 கிலோ ரூ.340, 25–49 கிலோ ரூ.315, 50 கிலோவுக்கு மேல் ரூ.290. ஜிஎஸ்டி, போக்குவரத்து தனி" என்று இருந்தது. 20 கிலோ எடுக்கலாமா, 25 எடுக்கலாமா?
*வாசகி, குடியாத்தம்*

முதலில் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். 25 கிலோ எடுத்தால் மொத்த 25-க்கும் 315 ரூபாயா, இல்லை முதல் 24 கிலோவுக்கு 340 போட்டு மீதிக்கு மட்டும் 315-ஆ? பெரும்பாலும் முதல் வகைதான். அப்படியானால் 24 கிலோ வாங்குவது வீண். 24 கிலோ 8,160 ரூபாய், 25 கிலோ 7,875 ரூபாய். 20 கிலோ 6,800. அதாவது கூடுதல் 5 கிலோ உங்களுக்கு 1,075 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும்.

ஆனால் 315 என்பது உங்கள் அடக்க விலை இல்லை. 7,875-க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 394 ரூபாய். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால் அந்தப் பணம் திரும்ப வராது. பார்சல் ஆபீஸில் 300 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். கவரும் லேபிளும் பாக்கெட்டுக்கு இரண்டரை ரூபாய் என்றால் 625. மொத்தம் சுமார் 9,194 ரூபாய். எடை போடும்போது சிந்துவது, மிச்சம் மீதி என்று அரை கிலோ போனால் கையில் 245 பாக்கெட். ஒரு பாக்கெட்டின் அடக்கம் 37 ரூபாய் 50 பைசா.

45 ரூபாய்க்கு விற்று எல்லாம் தீர்ந்தால் லாபம் 1,831 ரூபாய். 40 பாக்கெட் தேங்கினால் லாபம் 31 ரூபாய். அதனால் மாதம் எத்தனை பாக்கெட் போகிறது என்பதுதான் கேள்வி. மாதம் 60 என்றால் 25 கிலோ தீர நான்கு மாதம் ஆகும். நம்ம ஊர் வெயிலில், கவரில் கிடக்கும் மிளகாய்த்தூள் அதற்குள் நிறம் வெளுத்து, காரமும் மந்தமாகிவிடும்.

எனவே கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி: அந்த 25 கிலோ ஒரே வகைதானா, எல்லா வகையும் சேர்த்தா? சேர்த்து என்றால் மிளகாய் 10, மல்லி 10, மஞ்சள் 5 எடுங்கள். குறைந்த விலையும் கிடைக்கும், சரக்கும் தேங்காது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக 25 என்றால் 10 கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம், வாங்கிய தூளை உங்கள் பெயரில் பாக்கெட் போடுவதற்கு உங்களுக்கென்று உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அந்தக் கம்பெனியின் உரிமம் உங்களைக் காப்பாற்றாது.

பிரியாணிக் கடை வைத்திருக்கிறேன். 50 கிலோ எடுத்தால் கிலோவுக்கு 50 ரூபாய் மிச்சம். எடுத்து வைக்கலாமா?
*வாசகர், ஆம்பூர்*

ஆம்பூரில் மிளகாயை ஊற வைத்து அரைத்துதானே போடுவார்கள்? தூள் உங்களுக்கு எதற்கு?

விலை இன்னும் குறைத்துப் பேசலாமா?
*வாசகர், ஆரணி*

50 கிலோவுக்கு மேல் என்றால் பேசுங்கள். 10 கிலோவில் பேசி வாங்கினால் அடுத்த மூட்டையை மிளகாய்க் காம்போடு சேர்த்து அரைத்து அனுப்புவார். அது வெளுத்திருக்கும், எடை மட்டும் சரியாக இருக்கும்.

சாம்பிள் இலவசமாகவே அனுப்பினார்கள். நல்ல சிவப்பு, நல்ல காரம். நம்பி 30 கிலோ ஆர்டர் கொடுத்தேன். வந்தது வெளிறிய தூள். கேட்டால் "அதே சரக்குதான்" என்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
*வாசகர், வாலாஜாபேட்டை*

போக முடியாது, ஐயா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், மறுவிற்பனைக்கு வாங்குபவர் 'நுகர்வோர்' ஆக மாட்டார். இதை எத்தனை கடைக்காரர்களிடம் சொல்லியிருப்பேன்! சட்டம் இப்படி இருப்பதால்தான் சாம்பிளில் ஏமாற்றுபவனுக்கு இவ்வளவு துணிச்சல். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் சாம்பிள் விஷயத்தில் ஒரு பாட்டு பாடித்தான் ஆக வேண்டும்.

நானும் அப்படி ஒரு தடவை வீட்டு விசேஷத்துக்கு மல்லித்தூள் வாங்கினேன். சாம்பிளைத் திறந்ததுமே தெருவரை மணத்தது. மூட்டையாக வந்தது வைக்கோல் நெடி. சமையற்காரர் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

இலவச சாம்பிள் பெரும்பாலும் தனியாக அரைத்தது. நல்ல மிளகாயாகப் பொறுக்கி, காம்பு கிள்ளி, சின்ன மெஷினில் அரைத்து உறையில் போட்டு அனுப்புவார்கள். உங்களுக்கு வரும் மூட்டை பெரிய பல்வரைசரில் ஓடிய சரக்கு. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பெயர், வேறு தூள். அதனால் காசு வாங்கும் சாம்பிள்தான் எனக்குப் பிடிக்கும். 100 கிராமுக்கு 50 ரூபாய், கூரியர் தனி, முதல் ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம் என்பது நேர்மையான நிபந்தனை. ஆனால் அதிலும் சாம்பிள் எந்த லாட்டிலிருந்து எடுத்தது என்று எழுதி வாங்குங்கள். லாட் எண், அரைத்த தேதி, இரண்டும் உறை மேல் இருக்க வேண்டும். இரண்டு உறை வாங்கி ஒன்றைச் சமைத்துப் பாருங்கள். மற்றதைப் பிரிக்காமல், ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, இருட்டில் வையுங்கள். மூட்டை வந்ததும் வாய்ப்பக்கத்துத் தூளை எடுக்காதீர்கள். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து, சாம்பிளோடு வெள்ளைக் காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெயிலில் பாருங்கள். அப்புறம் ஒரு தம்ளர் தண்ணீரில் மேலே தூவிப் பாருங்கள். தூவியவுடன் சிவப்புக் கோடு கோடாக இறங்கினால் நிறம் சேர்த்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். மிளகாய்த்தூளில் நிறம் சேர்ப்பதற்கு அனுமதியே கிடையாது. பளபளப்புக்கு எண்ணெய் 2 சதவீதம் வரை சேர்க்கலாம், ஆனால் லேபிளில் சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் 30 கிலோவுக்கு வருவோம். மூட்டையை விற்காதீர்கள், கலக்காதீர்கள். சாம்பிள் மிச்சம் இருந்தால் பத்திரமாக வையுங்கள். படத்தோடு கம்பெனிக்கு இன்றே எழுத்தில் அனுப்புங்கள். போனில் சத்தம் போட்டால் ஒன்றும் நிற்காது. அடுத்து பில்லைப் பாருங்கள். உணவுப் பொருளை வியாபாரிக்கு விற்பவர், "இந்தப் பில்லில் உள்ள பொருள் சொல்லப்பட்ட தன்மையும் தரமும் உள்ளது" என்று படிவம் இ-யின்படி உத்தரவாதம் தர வேண்டும். அது பில்லிலேயே அச்சாகியிருக்கலாம். நாளைக்கு உங்கள் கடையில் மாதிரி எடுத்து அது தரமற்றது என்று வந்தால் உங்களைக் காப்பது அந்த வரிதான்.

நிறம் சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தால் ராணிப்பேட்டை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் கட்டி நீங்களே பகுப்பாய்வுக்கு அனுப்பவும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. வெறும் வெளிறிய தூள் என்றால் அங்கே வேலை நடக்காது, சிவில் வழக்குதான் மிச்சம். 30 கிலோவுக்காக வழக்கு போடுங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மூட்டையாக லேபிள் இல்லாமல் லூஸாகக் கொடுத்தால் கிலோவுக்கு 20 ரூபாய் குறைவு என்கிறார். வாங்கி எடை போட்டு விற்கலாமா?
*வாசகர், காட்பாடி*

கூடாது. பொடியாக அரைத்த மசாலாவைப் பொட்டலமாக்கி லேபிளோடுதான் விற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. 20 ரூபாய்க்கு ஆசைப்பட்டால் மாட்டுவது நீங்கள்.

நாங்களே மசாலாத்தூள் தயாரிக்கிறோம். மொத்த விற்பனைக்குப் பதிவு போட்டால் "விலை என்ன" என்று நூறு பேர் கேட்கிறார்கள், நாலு பேர் வாங்குகிறார்கள். சாம்பிள் மட்டும் வாங்கிவிட்டுக் காணாமல் போகிறார்கள். எப்படி எழுதுவது?
*வாசகி, வேலூர்*

"விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்" என்று போட்டால் வேறு என்ன நடக்கும், அம்மா? விலையை வெளியே எழுதுங்கள். ஒரு மாதிரி தருகிறேன், எண்களை மட்டும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"மிளகாய்த்தூள், குண்டூரும் பியாடகியும் கலந்தது. காம்பு நீக்கியது. உப்பு, எண்ணெய், நிறம் சேர்க்கவில்லை. 1 கிலோ உறையில். குறைந்தபட்சம் எல்லா வகையும் சேர்த்து 10 கிலோ, ஒரு வகை 2 கிலோவுக்குக் குறையாமல். 10–24 கிலோ ரூ.340, 25–49 கிலோ ரூ.315, 50 முதல் ரூ.290, மொத்த எடைக்கும் அதே விலை. ஜிஎஸ்டி 5% தனி. வேலூர், காட்பாடிக்கு வண்டி இலவசம். வெளியூருக்கு பார்சல் கட்டணம் வாங்குபவருடையது. விலை இந்த மாதம் 15 வரை. சாம்பிள் 100 கிராம் ரூ.50, கூரியர் தனி. ஓடும் லாட்டிலிருந்து, லாட் எண்ணுடன் அனுப்புவோம். 30 நாளுக்குள் ஆர்டர் கொடுத்தால் கழிக்கப்படும். சரக்கு சாம்பிளோடு ஒத்துவராவிட்டால் வந்த 3 நாளுக்குள், பிரிக்காத உறைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். உணவுப் பாதுகாப்பு உரிம எண் இங்கே."

தேதியை விட்டுவிடாதீர்கள். குண்டூர் மார்க்கெட்டில் மிளகாய் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தேதி இல்லாத விலைப்பதிவைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து ஒருவர் சண்டைக்கு வருவார். சாம்பிளுக்கு 50 ரூபாய் வைத்தால் சும்மா கேட்பவர்கள் தானாகவே குறைவார்கள். திரும்ப எடுக்கும் வரியை மட்டும் பயந்து நீக்க வேண்டாம். நல்ல கடைக்காரர் முதலில் படிப்பது அதைத்தான்.

பதிவைப் பார்த்து 40 கிலோவுக்கு 6,000 ரூபாய் முன்பணம் யுபிஐ-யில் அனுப்பினேன். இரண்டு நாளாக எண் அணைந்திருக்கிறது. பதிவில் உரிம எண் எல்லாம் இருந்தது.
*வாசகர், பேர்ணாம்பட்டு*

இதைப் படித்து முடிப்பதற்குள் 1930-க்குப் போன் செய்யுங்கள். இணையக் குற்ற உதவி எண் அது. பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், தேதி, நேரம் கையில் இருக்கட்டும். cybercrime.gov.in-லும் பதிவு செய்யலாம். உங்கள் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். தாமதமாகத் தாமதமாகப் பணம் வேறு கணக்குகளுக்குப் போய்விடும்.

உரிம எண் இருந்தது என்கிறீர்கள். அது 14 இலக்கம். foscos.fssai.gov.in-ல் போட்டால் யார் பெயரில், எந்த ஊரில், எந்தத் தொழிலுக்கு என்று வரும். ஒரு நல்ல கம்பெனியின் எண்ணைப் படம் பிடித்துத் தன் பதிவில் ஒட்டிக்கொள்வது இவர்களின் வழக்கம். உரிமத்தில் உள்ள பெயரும் யுபிஐ-யில் காட்டும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் அந்த இரண்டு பெயர்களையும் புகாரில் எழுதுங்கள். உரிமத்துக்குச் சொந்தமான கம்பெனிக்கும் ஒரு வரி அனுப்புங்கள், அவர்கள் பெயரில் இன்னும் எத்தனை பேரிடம் பணம் வாங்கியிருக்கிறானோ.