இன்று மீந்த பணத்தை நாளைக்குச் சேர்ப்பதா, பங்கிடுவதா?

கேள்வி: எங்கள் வீட்டு வருமானம் மாதம் 38,000 ரூபாய். ஒன்றாம் தேதி பட்ஜெட் போட்டுத்தான் தொடங்குகிறோம். ஆனாலும் இருபதாம் தேதிக்கு மேல் கையைக் கடிக்கிறது. இனி நாளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டு செலவழிக்கலாம் என நினைக்கிறோம். ஒரு நாள் பணம் மீந்தால் அதை மறுநாளோடு சேர்ப்பதா, மீதி நாட்களுக்கெல்லாம் பங்கிடுவதா? ஒரு நாள் கூடுதலாகப் போய்விட்டால் என்ன செய்வது?
— வாசகி, ஈரோடு

பதில்: மீந்ததை அப்படியே மறுநாளோடு சேருங்கள், கூடுதலாகப் போனதையும் அப்படியே மறுநாள் பணத்திலிருந்து கழியுங்கள். நாளுக்கு இவ்வளவு என்று ஒன்றாம் தேதி முடிவு செய்த தொகை, ஒரேயொரு விதிவிலக்கைத் தவிர, மாதம் முடியும் வரை மாறக் கூடாது. அந்த விதிவிலக்கைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், எந்தத் தொகையை நாட்களால் வகுப்பது என்பதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். இந்த முறையைத் தொடங்கிப் பாதியில் கைவிடுபவர்களில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வாடகை, கடன் தவணை, பள்ளிக் கட்டணம், சேமிப்பு, பால் கணக்கு, கைபேசி மற்றும் இணையக் கட்டணம், மாத மளிகை ஆகியவை நாள் செலவில் சேராதவை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தில் பாதியையும், ஆண்டுக்கு ஒருமுறை வரும் வண்டிக் காப்பீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கையும் ஒவ்வொரு மாதமும் எடுத்து வைத்துவிட வேண்டும். சிலிண்டர் உங்கள் வீட்டில் ஒன்றரை மாதம் வருமானால், அதன் விலையில் மூன்றில் இரண்டு பங்கு அந்த மாதச் செலவு. இவையெல்லாம் சேர்ந்து 27,200 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 10,800. அதிலிருந்து மருத்துவம், மொய் போன்றவற்றுக்காக 1,800 ரூபாயைத் தனியே ஒதுக்கினால் 9,000 மிஞ்சும். காய்கறி, மீன், இறைச்சி, பழம், பெட்ரோல், பேருந்து, தேநீர், பிள்ளைகளின் தின்பண்டம் ஆகிய அன்றாடச் செலவுகளுக்கு உரிய தொகை இதுதான். முப்பது நாள் மாதத்தில் இது நாளுக்கு 300 ரூபாய்.

ஒரு செலவு எந்தப் பக்கம் சேரும் என்று ஐயம் வந்தால், அது வரப்போவது முன்கூட்டியே தெரியுமா, வாங்கினால் பல நாட்களுக்கு வருமா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அது மாதச் செலவு. 25 கிலோ அரிசி மூட்டையை வாங்கிய நாளின் கணக்கில் எழுதினால், அன்றிலிருந்து ஒரு வாரம் பற்றாக்குறைதான் தெரியும். நாலாம் நாளே நோட்டை மூடி வைத்துவிடத் தோன்றும்.

இப்போது 300 ரூபாயை வைத்து ஐந்து நாட்களைப் பார்ப்போம். முதல் நாள் 180 ரூபாய் செலவாகிறது, மீதி 120. இரண்டாம் நாள் கையில் இருப்பது 420. அதில் 260 செலவாகி 160 மிஞ்சுகிறது. மூன்றாம் நாள் 460-இல் 90 மட்டுமே செலவு; மீதி 370. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கையில் 670 இருக்க, கோழியும் பெட்ரோலும் சேர்ந்து 850 ஆகிவிடுகிறது. ஆக 180 ரூபாய் பற்றாக்குறை. அதை மைனஸ் குறியோடு அப்படியே எழுதுங்கள். ஐந்தாம் நாளின் 300-இல் அது கழிந்து, அன்று செலவழிக்க 120 ரூபாய்தான் இருக்கும். அன்று 100 ரூபாயோடு நிறுத்திக்கொண்டால் மீதி 20. கணக்கு மறுபடி நேராகிவிட்டது.

இதே நாட்களை நீங்கள் கேட்ட இரண்டாவது முறையில் பாருங்கள். நாலு நாட்களில் 1,380 செலவாகி, 7,620 ரூபாய் மிஞ்சியிருக்கிறது. அதை எஞ்சிய 26 நாட்களால் வகுத்தால் நாளுக்கு 293 ரூபாய் வரும். ஞாயிற்றுக்கிழமை நடந்தது, ஏழு ரூபாய் குறைந்தது போலத்தான் தோன்றும். திங்கட்கிழமை யாரும் கையைச் சுருக்க மாட்டார்கள். மாதத் தொடக்கத்தில் எவ்வளவு கூடுதலாகப் போனாலும் அது மீதி நாட்களில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போவதும், இருபதாம் தேதிக்கு மேல் பங்கிட நாட்கள் குறைந்துவிடுவதால் அதே அளவு கூடுதல் செலவு பெரிய வெட்டாக விழுவதும் இந்த வகுத்தலின் இயல்பு. நீங்கள் சொல்லும் இருபதாம் தேதி நெருக்கடிக்கு இந்த முறை மருந்தாகாது.

விதிவிலக்கு இது. பற்றாக்குறை மூன்று நாள் தொகையை, அதாவது 900 ரூபாயைத் தாண்டிவிட்டால், மறுநாளே கழிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. 1,400 ரூபாய் பற்றாக்குறை என்றால் நாலு நாட்களுக்கு மேல் காய்கறிக்கே பணம் இல்லை என்று பொருள். எந்த வீடும் அப்படி இருக்க முடியாது. முடியாத ஒன்றைக் கணக்கு கேட்டால், கணக்குதான் கைவிடப்படும். அப்போது மட்டும் கையில் உண்மையாக இருக்கும் தொகையை எஞ்சிய நாட்களால் ஒருமுறை வகுத்து, புதிய நாள் தொகையைத் தேதியோடு எழுதிவிட்டு, அதிலிருந்து மறுபடி பழைய முறையிலேயே தொடருங்கள். ஒரே மாதத்தில் இரண்டாவது முறை இப்படி வகுக்க வேண்டிவந்தால், ஏதோ ஒரு மாதச் செலவு நாள் கணக்குக்குள் நுழைந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அப்படியே சேர்க்கும் முறைக்கும் ஒரு குறை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. 27 நாட்களில் 7,200 ரூபாய் மட்டும் செலவழித்த வீட்டில், 28-ஆம் நாள் காலையில் 1,200 ரூபாய் இருப்பு தெரியும். 'இன்றைக்கு 1,200 செலவழிக்கலாம்' என்று அது சொல்வது போலிருக்கும். அது இன்றைய 300-உம், பல நாள் பொறுமையில் சேர்ந்த 900-உம் சேர்ந்த தொகை என்பது அந்த நேரத்தில் மனத்தில் நிற்காது. தள்ளுபடி விற்பனை நடந்துகொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம். எனவே முந்தைய நாட்களின் மீதியையும் இன்றைய பங்கையும் ஒரே எண்ணாக எழுதாமல், '900 + 300' என்று பிரித்து எழுதுங்கள். அந்த மீதியிலிருந்து எடுப்பதானால் என்ன பொருளுக்கு என்பதை முந்தைய நாளே எழுதியிருக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மிக்சி ஜாருக்கோ பிள்ளையின் செருப்புக்கோ சேர்ப்பதாக இருந்தால், அது நல்ல பயன்பாடுதான்.

ஞாயிறு தோறும் பற்றாக்குறை வருமானால், அது உங்கள் வீட்டின் இயல்பான செலவு; அதற்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. தொகையை நாளுக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளுங்கள். நாலு ஞாயிறு உள்ள முப்பது நாள் மாதத்தில் ஞாயிற்றுக்கு 600, மற்ற நாட்களுக்கு 250 என்று வைத்தால் 8,900 ரூபாயில் முடிந்துவிடும். ஐந்து ஞாயிறு வந்தால் மற்ற நாட்களுக்கு 240 என்று குறைத்தால் 9,000 சரியாக வரும். எல்லா நாளும் ஒரே தொகை போதும் என்பவர்கள், மாதத்தில் எத்தனை நாள் இருந்தாலும் 31-ஆல் வகுத்து 290 என்று வைத்துக்கொள்வது எளிது. குறுகிய மாதங்களில் சிறிது மிஞ்சும்.

கணக்கை நோட்டில் எழுதுவதே போதும். கைபேசியில் விரிதாள் பயன்படுத்துபவர்கள் முதல் பத்தியில் தேதியும், இரண்டாம் பத்தியில் அன்றைய மொத்தச் செலவும் எழுதி, மூன்றாம் பத்தியின் இரண்டாம், மூன்றாம் வரிகளில் இவற்றை இட்டு, பின்னதைக் கீழே இழுத்துவிடலாம்:

```
C2:  =300-B2
C3:  =C2+300-B3
```

செலவை வருகிற நாட்களுக்கு முன்கூட்டியே 0 என்று நிரப்பி வைக்காதீர்கள். இன்றைய வரி வரை மட்டும் இழுங்கள். இல்லையெனில் வராத நாட்களின் 300-உம் இருப்பில் சேர்ந்து காட்டும்.

எழுதியது உண்மையா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதைத் தவற விட வேண்டாம். 9,000 ரூபாயை வேறு எந்தப் பணத்தோடும் கலக்காமல் ஒரு தனி வங்கிக் கணக்கிலோ உறையிலோ வையுங்கள். எந்த நாள் இரவிலும், எஞ்சிய நாட்களை 300-ஆல் பெருக்கி, அன்றைய மீதியைக் கூட்டினால், கையில் உள்ள பணம் வர வேண்டும். மேலே சொன்ன ஐந்தாம் நாள் இரவில் 25 நாட்களுக்கு 7,500, மீதி 20, ஆக 7,520 இருக்க வேண்டும். 7,400 மட்டுமே இருந்தால், 120 ரூபாய் எழுதாமல் போயிருக்கிறது. வாரம் ஒருமுறை பார்த்தால், எங்கே போனது என்பது நினைவுக்கு வரும். மாதக் கடைசியில் பார்த்தால் வராது.

அப்படி எழுதாமல் போவதில் பெரும்பங்கு, யுபிஐயில் போகும் பத்து, இருபது ரூபாய்கள். யுபிஐ லைட் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் செய்யும் சிறு செலவுகள் வங்கிக் கணக்கு அறிக்கையில் தனித்தனியே வருவதில்லை, பணம் ஏற்றியது மட்டுமே ஒரு வரியாக வரும். ஆகவே ஏற்றிய தொகையைச் செலவாக எழுதாமல், செயலியின் வரலாற்றைப் பார்த்து அன்றன்று போனதை எழுதுங்கள். சோதிக்கும்போது லைட்டில் உள்ள இருப்பையும் கையிலுள்ள பணமாகச் சேருங்கள். தானாகப் பணம் ஏறும் வசதியை இந்த முறையில் இருப்பவர்கள் நிறுத்தி வைப்பதே நல்லது. கிரெடிட் கார்டில் வாங்கினால் வாங்கிய நாளிலேயே எழுதி, அதே தொகையைக் கார்டு கட்டணத்துக்கான கணக்குக்கு அன்றே மாற்றிவிடுங்கள். ஆன்லைனில் வாங்கித் திருப்பி அனுப்பிய பொருளின் பணத்தை, அது கணக்கில் வந்து சேர்ந்த நாளில்தான் வரவு வைக்க வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்வதாகச் செய்தி வந்த நாளில் வைத்தால், இல்லாத பணத்தைச் செலவழிக்க நேரும்.

மாதக் கடைசியில் மீந்ததை அடுத்த மாத நாள் தொகையில் சேர்க்காதீர்கள். 600 ரூபாய் மீந்து, அதைச் சேர்த்து நாளுக்கு 320 ஆக்கினால், குறைவாக வாழப் பழகிய வீடு மறுபடி கூடுதலுக்குப் பழகிவிடும். அதை அந்த 1,800 ஒதுக்கீட்டோடு சேருங்கள். பற்றாக்குறையோடு மாதம் முடிந்தால் மட்டும் அதை அடுத்த மாதத்துக்குக் கொண்டு போக வேண்டும். 240 ரூபாய் குறைந்திருந்தால் 8,760-ஐ முப்பதால் வகுத்து 292 என்று தொடங்குங்கள். மூன்று மாதம் தொடர்ந்து பற்றாக்குறையில் முடிந்தால், 300 ரூபாய் உங்கள் வீட்டுக்குப் போதவில்லை. அப்போது அன்றாடச் செலவை இன்னும் நெருக்காமல், அந்த 27,200-க்குள் எதைக் குறைத்து நாள் தொகையை 330-ஆகவோ 350-ஆகவோ உயர்த்தலாம் என்று உட்கார்ந்து பாருங்கள். 350 ஆக்க மாதம் 1,500 ரூபாய் அங்கிருந்து வர வேண்டும்.